எவ்வளவு என்று எழுதாத கடிதம்

ஜூன் 30. இரவு பத்தரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. சென்னையில், சிறுசேரிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"சித்தி, சம்பளம் வந்துருச்சு. அம்மா அப்பாவுக்கு நன்றி சொல்லி ஒண்ணு எழுதிருக்கேன். நம்ம குடும்ப குரூப்ல போடலாம்னு. நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

பத்திரிகையில் வேலை பார்க்கும் சித்திக்குக் குடும்பத்தில் இருக்கும் ஒரே மரியாதை இதுதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பிழை பார்க்க என்னிடம் வந்துவிடும். ஆனால் முதல் சம்பளத்துக்கு நன்றிக் கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை.

என் தலைமுறையில் இப்படி எழுதும் தேவையே இருந்ததில்லை. சம்பளம் கையில் வரும். கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் நீட்டுவோம். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, திருநீறு பூசி, கவருக்குள்ளே பார்க்காமலே பீரோவில் வைப்பாள். அவள் பார்க்கவில்லை என்று நாங்கள் நம்ப வேண்டும். பெற்றவர்களிடம் "நன்றி" என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. சொன்னால் வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். இப்போது சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது, கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. எடுத்து நீட்ட ஒன்றும் இல்லை. அந்த இடத்தில்தான் இந்தக் கடிதம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவள் அனுப்பியதைப் படித்தேன். "என்னை இந்த உலகத்துக்குத் தந்த என் தெய்வங்களுக்கு" என்று ஆரம்பித்தது. தங்களை உருக்கிக்கொண்டு எனக்கு வெளிச்சம் தந்த மெழுகுவர்த்திகளே என்று போனது. நடுவில் தியாகம் மூன்று முறை. கடைசியில் இப்படி ஒரு வரி: "அப்பா, நீங்கள் ஆறு மாதம் மிஷின் மிதித்துச் சம்பாதிப்பதை உங்கள் மகள் இன்று ஒரே மாதத்தில் வாங்கிவிட்டேன்." அதோடு சம்பளச் சீட்டின் படம்.

நல்ல மனதோடு எழுதியதுதான். அதனால் குறை சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன், "சம்பளம் எவ்வளவுன்னு சொல்லப் போறியா?"

"ஐயோ, இல்ல சித்தி. தொகைய நான் எழுதவே இல்லையே. சீட்டுலகூட அந்த இடத்தை மஞ்சளால அடிச்சுட்டேன், பாருங்க."

பார்த்தேன். 'நிகரச் சம்பளம்' என்ற கட்டத்தை மட்டும் அடித்திருந்தாள். மேலே அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி எல்லாம் அப்படியே இருந்தன. பிடித்தம் என்ற பத்தியில் பி.எஃப். தொகையும் இருந்தது. பொதுவாக பி.எஃப். என்பது அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். அந்த ஒரு எண் தெரிந்தால் மிச்சத்தைக் கணக்குப் போட எங்கள் மூத்த மச்சான் போதும், அவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். அது கூடப் பரவாயில்லை. அந்தச் சீட்டில் அவளுடைய வங்கிக் கணக்கு எண், பத்து எழுத்து பான் எண், பன்னிரண்டு இலக்க பி.எஃப். எண் எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. குடும்ப குழுவில் நாற்பத்திரண்டு பேர். அதில் நான்கைந்து பேர் யாரென்று எனக்கே தெரியாது. அங்கே போட்ட படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்ட எண்களைச் சொல்லித்தான் மோசடி போன்களில் நம்பிக்கை வரவழைக்கிறார்கள். பல தனியார் நிறுவனங்கள் வேலைக் கடிதத்திலேயே சம்பள விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வரி போட்டு கையெழுத்து வாங்குகின்றன. அவளுடைய கடிதத்திலும் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்?

படத்தை எடுத்துவிட்டாள். இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. அவள் சேர்ந்தது ஜூன் 12. ஆக அந்தச் சீட்டில் இருந்தது பத்தொன்பது நாள் சம்பளம். அதை யாராவது மாதச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டால் "இவ்வளவுதானா" என்பார்கள். மறுபக்கம், அவள் படித்த கல்லூரி வாசலில் வேலை கிடைத்தவர்களின் படம் போட்டு, ஆண்டுத் தொகையோடு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் பன்னிரண்டால் வகுத்து வேறொரு எண்ணை மனதில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுத் தொகையில் நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்கு ஒதுக்குவது, வருடக் கடைசியில் வந்தாலும் வரலாம் என்கிற ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்திருக்கும். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. இதை நாற்பத்திரண்டு பேருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தொகையைச் சொல்லாமல் விடுவதற்கு அடக்கம், கண்ணேறு என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். சொன்னால் அந்த எண் சரியாகப் போய்ச் சேராது என்பதே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

சரி, அந்த ஆறு மாத வரிக்கு வருவோம். அதில்தான் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம்.

அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறு ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மிஷினும் ஒரு வெட்டு மேசையும் போட்ட கடை. அக்கா வீட்டிலிருந்து காஜா எடுத்து, பட்டன் கட்டிக் கொடுப்பாள். அவளுடைய வரி இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறது என்று சொன்னேன். ஒன்று, அப்பாவின் வருமானத்தை வெளியே சொல்கிறது. சட்டைக்கு என்ன தையல் கூலி, நாளைக்கு எத்தனை சட்டை தைப்பார் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை ஆறு மாதத்துக்குப் பெருக்கினால் அவளுடைய சம்பளம் வந்துவிடும். மஞ்சள் அடித்ததற்கே அர்த்தமில்லை. இன்னொன்று, முப்பது வருடம் அந்த மிஷினை மிதித்த மனுஷனிடம், உன் ஆறு மாதம் என் ஒரு மாதத்துக்குச் சமம் என்கிறது. அவள் அப்படி நினைத்து எழுதவில்லை. "நீங்க பட்ட கஷ்டத்துக்குப் பலன் கிடைச்சிருச்சுன்னு சொல்ல வந்தேன் சித்தி" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

வார்த்தை பெருமையைத்தான் சொல்ல வருகிறது, தராசு குறுக்கே வந்துவிடுகிறது. முதல் சம்பளத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் சம்பளத்தை மறைத்துவிட்டோம் என்ற நிம்மதியில், பெற்றவர்களின் சம்பளத்தை வெளியே வைத்துவிடுவார்கள். மறைக்க வேண்டிய தொகை ஒன்றல்ல, இரண்டு.

இரண்டாவது தொகை அவளுடைய இன்னொரு வரியிலும் இருந்தது. "என் ஹாஸ்டல் பணத்துக்காக அம்மா தன் வளையல்களை வங்கியில் வைத்தாள்." உண்மைதான். கல்விக் கடன் கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியாகப் போனது. விடுதிக்கு இரண்டாம் வருடம் வளையல் போனது. வருடம் முடியும்போது வட்டியைக் கட்டி, மறுபடி அடகு வைத்து என்று அது ஓடிக்கொண்டிருந்தது. படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அந்த வரி கடிதத்திலேயே நல்ல வரி. இருந்தாலும், "அப்பாகிட்ட கேட்டியா?" என்றேன்.

அடுத்த நாள் காலை கேட்டிருக்கிறாள். கடிதத்தைக் காட்டவில்லை, வளையல் விஷயத்தைச் சொல்லலாமா என்று மட்டும். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "உங்க பெரியப்பாவுக்கே அது தெரியாதும்மா. அப்பவும் அம்மா கையில கவரிங் போட்டுக்கிட்டுத்தான விசேஷத்துக்குப் போனா. வேண்டாம்" என்றிருக்கிறார்.

கடிதத்தை எழுதுவது மகள். ஆனால் அதற்குள் இருக்கும் வாழ்க்கை அவர்களுடையது. அடகு, கைமாற்று, யாரோ ஒருவர் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போனது, இதெல்லாம் பிள்ளைக்கு நெகிழ்ச்சியான நினைவு. பெற்றவர்களுக்கு அது நான்கு சுவருக்குள் வைத்துக் காப்பாற்றிய மானம். (நான் இப்போது இதைப் பத்திரிகையில் எழுதுகிறேனே என்று நீங்கள் கேட்கலாம். வளையல் அக்கா கைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஊர்ப் பேர் போடக் கூடாது என்ற கண்டிப்போடு அனுமதி கொடுத்திருக்கிறாள்.)

தெய்வம், மெழுகுவர்த்தி, தியாகம் மூன்றையும் எடுத்தால் கடிதத்தில் என்ன மிஞ்சும்? அவளும் அதைத்தான் கேட்டாள், கொஞ்சம் கோபமாகவே. "எல்லாத்தையும் அடிச்சிட்டீங்க. இனி என்னத்த எழுத?"

எதிர்வீட்டுப் பெண் தன் அப்பா அம்மா பேரைப் போட்டு இதே கடிதத்தை அனுப்பிவிட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள். அப்படியானால் அவள் அனுப்ப முடியாத ஒன்றைச் சொல் என்றேன். பெரிதாக யோசிக்காதே, பணம் சம்பந்தப்படாததாக இருக்கட்டும், வீட்டில் உன் கை செய்த வேலை ஏதாவது என்றேன்.

அப்போது சொன்னாள், ஊசி விஷயத்தை.

காஜா என்றால் சட்டையில் பட்டன் நுழையும் துளை. இப்போது பெரிய ஊர்களில் அதற்கு மிஷின் வந்துவிட்டது, நிமிஷத்தில் அடித்துவிடும். அக்கா கையால் எடுக்கிறவள். துணியில் பட்டன் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, அந்த ஓரம் பிரியாமல் சுற்றிலும் நெருக்கமாக முடிச்சுத் தையல் போட்டு வர வேண்டும். நூல் நீளமாக இருந்தால் சிக்கும். அதனால் கை அளவுக்கு நறுக்கித்தான் கோக்க வேண்டும். சீக்கிரம் தீரும், அடிக்கடி கோக்க வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியதும் அக்காவுக்கு வெள்ளெழுத்து. பகலில் வாசல் வெளிச்சத்தில் சமாளித்துவிடுவாள், விளக்கு வைத்த பிறகு ஊசிக்காது தெரியாது. மகள் வீட்டில் இருந்தவரை கூப்பிட்ட குரலுக்குக் கோத்துக் கொடுத்தாள். விடுதிக்குப் போன பிறகு, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பத்து ஊசியில் நூல் கோத்து, பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாளாம்.

"இத்தனை நாள் இதை யார்கிட்டயும் சொன்னதில்லையே நீ?"

"இதுல சொல்ல என்ன இருக்கு சித்தி?"

அதுதான் சொல்ல வேண்டியது என்றேன்.

மொழியையும் கொஞ்சம் திருத்தினோம். முதல் எழுத்தில் அம்மா அப்பா இருவரையும் "நீங்கள்" என்று எழுதியிருந்தாள். வீட்டில் அவள் அம்மாவை "நீ" என்பாள், அப்பாவை "நீங்க" என்பாள். நம் பல வீடுகளில் அப்படித்தான். நாற்பத்திரண்டு பேர் படிக்கிறார்களே என்று அம்மாவுக்கும் மரியாதை கூட்டினால், அம்மாவுக்கே அது யாரோ எழுதிக் கொடுத்தது போல இருக்கும். அதனால் இருவருக்கும் சேர்த்து எழுதாமல், அம்மாவுக்கு ஒரு பத்தி, அப்பாவுக்கு ஒரு பத்தி என்று பிரித்துக்கொண்டாள். அப்பா பத்திக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அவளே எழுதினாள். வாங்கப் போகும் பொருளின் பட்டியலையும் எடுத்துவிட்டாள். பட்டுச் சேலை, மிக்ஸி என்று பொருளின் பேரைச் சொன்னாலே விலை தெரிந்துவிடும். பரிசின் விலையை வைத்துச் சம்பளத்தை ஊகிப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

கடைசியில் அவள் அனுப்பியது இது:

"அம்மா, எனக்கு முதல் சம்பளம் வந்துருச்சு. என்ன வாங்கப் போறேன்னு ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீ கத்திக்கிட்டே இருப்ப, நான் பத்து ஊசியில நூல் கோத்துத் திண்டுல குத்தி வச்சிட்டுக் கிளம்புவேன். ஒரு சட்டைக்கு ஆறு காஜா. பத்து ஊசி உனக்கு எத்தனை நாளைக்கு வரும்னு நான் ஒருநாளும் கணக்குப் பாத்ததில்ல. அது தீந்த பிறகு யாரும்மா கோத்துக் குடுத்தா? இந்த வாரம் வந்ததும் உன்னைக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கண்ணாடி வேண்டாம், வயசான மாதிரி தெரியும்னு சொல்லக் கூடாது.

அப்பா, பத்தாவது லீவுல நான் தைச்ச தலகாணி உறை கோணலாப் போச்சு. நீங்க திட்டுவீங்கன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். எடுத்துப் பாத்துட்டு, 'பிரிச்சிட்டுத் திரும்பத் தை, துணி ஒண்ணும் கெட்டுப் போகல'ன்னு பிளேடை எங்கிட்டயே குடுத்தீங்க. இப்ப ஆபீஸ்ல என் வேலை அதுதான்ப்பா. மத்தவங்க எழுதுனதுல எங்க கோணல்னு பாத்துச் சொல்லணும். அவங்க பிரிச்சிட்டுத் திரும்ப எழுதுவாங்க. யாரையும் நான் திட்டுறதில்ல.

சனிக்கிழமை காலையில வர்றேன். கவர உங்க ரெண்டு பேர் கையிலதான் தருவேன். சாமிகிட்ட வச்சிட்டு அப்புறம் பிரிங்க."

வேலை என்ன என்று அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு. அந்த வேலையின் பேரைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்குப் புரியாது, அவள் அப்பாவுக்கும் புரிந்திருக்காது. நான்கு வருடப் படிப்புக்குப் பிறகு மகள் என்ன செய்கிறாள் என்பது அவருக்கு அந்தத் தலையணை உறை வழியாகத்தான் விளங்கியது. அதைத் திட்டமிட்டு எழுதினாயா என்று பிறகு கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு லேசாகப் பொறாமை.

கவர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சம்பளம் வங்கியில்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து நீட்ட அவளுக்கு வழியில்லை. அறை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். அதனால் ஒரு தொகையை ஏ.டி.எம்.மில் எடுத்து, மஞ்சள் தடவிய கவரில் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே இருப்பது முழுச் சம்பளமா, பாதியா, ஒப்புக்கு ஆயிரத்தொன்றா என்பது கவரைப் பிரித்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. (கேட்க நினைத்தேன்.)

குழுவில் அன்று என்னவெல்லாம் வந்தது என்கிறீர்களா? கை கூப்பிய படங்கள் முப்பதுக்கு மேல். பெரியப்பா நேராக அக்காவுக்குப் போன் போட்டு, "புள்ளைக்கு எவ்வளவு வருதாம்?" என்று கேட்டுவிட்டார். யாராவது கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா, "அவ செலவுக்குப் போக எங்களுக்கும் குடுக்கிற மாதிரி வருதாம் அத்தான்" என்றிருக்கிறாள். அதற்கு மேல் அவராலும் கேட்க முடியவில்லை. வளையல் பற்றியும் தையல் கூலி பற்றியும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன மாமி மட்டும் ஊசியைப் பற்றி எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவர் வீட்டிலும் ஒரு மகள் ஊசி கோத்துக் கொடுத்திருக்கிறாள் போல.

அக்கா அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை. கைப்பேசியில் சின்ன எழுத்து தெரியாது. அவள் வீட்டுக்காரர்தான் கடையை மூடிவிட்டு வந்து, மிஷின் விளக்கைப் போட்டு, உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மா பத்தி முடிந்ததும் அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாளாம். தன் பத்தியை அவர் தனக்குத்தானே, சத்தமில்லாமல் வாசித்திருக்கிறார்.

மகளுக்குப் பதில் அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் போனது. தட்டச்சு தெரியாது, குரலாக அனுப்பியிருந்தார். அவள் எனக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னாள். பின்னணியில் மிஷின் சத்தம். யாருக்கோ மறுநாள் காலை கொடுக்க வேண்டிய துணியாக இருக்கும்.

"படிச்சோம்மா. நல்லா இருந்துச்சு. ஒரே ஒரு தப்பு. சட்டைக்கு ஆறு காஜா இல்ல. காலர் பட்டி காஜாவை விட்டுட்ட. அரைக்கைக்கு ஏழு, முழுக்கைன்னா கைக்கு ஒண்ணொண்ணு சேத்து ஒன்பது. திருத்திப் போடு."